அழுக்கு போகலைன்னு இன்னொரு ஸ்கூப் போடுறீங்களா?

தாம்பரம் தாண்டி, போர் தண்ணீரை நம்பி இருக்கும் ஓர் அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அறுபத்தெட்டு வயது மாமியார். வீட்டில் 7 கிலோ டாப் லோட் வாஷிங் மெஷின். வாங்கி நான்கு வருஷம்தான் ஆகிறது.

முதல் இரண்டு வருஷம் எந்தப் புகாரும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. குளித்துவிட்டுத் துடைக்கும் டவல் அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவும் இல்லாமல் அழுக்காகவும் இல்லாமல் ஒரு சாம்பல் நிறத்துக்கு வந்தது. மாமியாரின் கருநீலச் சுங்குடிப் புடவையில் அங்கங்கே வெள்ளைக் கோடுகள். சின்னவனுக்குக் கழுத்தைச் சுற்றி அரிப்பு வேறு.

மருமகள் செய்தது, எல்லா வீட்டிலும் செய்வதுதான். துணி வெளுக்கவில்லையே என்று பவுடரைக் கூட்டினார். ஒரு ஸ்கூப் இரண்டு ஸ்கூப் ஆனது. அதற்கும் சரிவரவில்லை என்றதும் வேறு பவுடருக்கு மாறினார். மாமியாரோ, "மிஷின் துணியைத் தின்னுது. என் புடவையை நானே துவைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூட்டு வலியோடு குனிந்து, பாத்ரூம் தரையில் புடவையைக் கும்ம ஆரம்பித்தார். "விடுங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்" என்றாலும் கேட்கவில்லை. மருமகளுக்கு அது தன்னைக் குறை சொல்வது போலவே இருந்தது. பேச்சு குறைந்தது.

இந்த நிலையில்தான், பிழியும்போது மெஷின் அதிர்ந்து நகர்கிறது என்று சர்வீஸ்காரரை வரவழைத்தார்கள்.

பக்கெட்டில் தெரிந்த நுரை

வந்தவர் மெஷினைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். "துவைச்சுக் காயப்போட்ட டவல் ஒண்ணு குடுங்கக்கா. ஒரு பக்கெட் தண்ணியும் வேணும்" என்றார். டவலைத் தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிஷம் கையால் நன்றாக அலசினார். பவுடர் எதுவும் போடவில்லை. ஆனாலும் தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டி நின்றது.

"இது துவைச்ச துணிதானேக்கா? அப்புறம் நுரை எங்கிருந்து வந்துச்சு? போன வாரம் போட்ட பவுடர் இன்னும் இதுலதான் இருக்கு."

டவல் விறைத்தது ஏன், புடவையில் வெள்ளைக் கோடு ஏன் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாதி விடை அந்தப் பக்கெட்டில் இருந்தது. அழுக்கு போகாததற்குக் காரணம் பவுடர் குறைந்தது இல்லை, கூடியது.

டிடர்ஜென்ட் செய்யும் வேலை எளிமையானது. அதன் ஒரு முனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இப்படி எண்ணெயைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறது. பிரிந்த அழுக்கு மறுபடி துணியில் போய் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. இருக்கிற அழுக்குக்குத் தேவையான அளவு பவுடர் தண்ணீரில் வந்துவிட்டால், அதற்கு மேல் போடுவதற்குச் செய்ய வேலை இல்லை. அது நுரையாக மேலே நிற்கும்.

நுரை நிறைய வந்தால் நன்றாக வெளுக்கும் என்பது கையால் துவைத்த காலத்து நம்பிக்கை. மெஷினுக்குள் நுரை ஒரு மெத்தை மாதிரி. துணியும் துணியும் உரசித்தான் அழுக்கு கிளம்ப வேண்டும். நடுவில் நுரை நின்றால் உரசல் குறைகிறது. பிழியும்போதும் நுரை டிரம்மைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் தண்ணீர் முழுதாக வெளியேறுவதில்லை. ஃப்ரன்ட் லோட் மெஷினுக்குத் தனிப் பவுடர் விற்பதும் இதனால்தான். அதில் தண்ணீர் குறைவு, துணி புரண்டு விழுவது அதிகம் என்பதால் நுரை குறைவாக வரும்படி அதைச் செய்கிறார்கள். டாப் லோட் பவுடரை அதில் போட்டால் நுரை பொங்கும்.

மிச்சம் எவ்வளவு தங்குகிறது என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியான அளவில் துணி போட்டு, 100 கிராம் பவுடர் போட்டதாக வைத்துக்கொள்வோம். துவைத்துப் பிழிந்த பிறகும் துணி கொஞ்சம் சோப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மொத்தத் தண்ணீரில் அது பத்தில் ஒரு பங்கு என்றால், 10 கிராம் பவுடர் துணியில் நிற்கிறது. ஒரு முறை அலசிப் பிழிந்தால் மறுபடி பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 கிராம்தான் மிச்சம்.

இப்போது 200 கிராம் போட்டு, டிரம்மையும் திணித்து நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். துணி அதிகம், அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் குறைவு. நுரையால் பிழிதலும் சரியில்லை. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றுக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு தங்கினால், முதலில் 40 கிராம், அலசிய பிறகு 8 கிராம். பவுடரைக் கூட்டியது இரண்டு மடங்குதான். துணியில் தங்கியது எட்டு மடங்கு! இந்த மிச்சம்தான் டவலில் விறைப்பு, கருநிறத் துணியில் வெள்ளைக் கோடு. வியர்வை படும் கழுத்திலும் அக்குளிலும் சிலருக்கு அரிப்புக்கும் அதுவே காரணமாகலாம். ஒட்டுகிற பிசுக்கு புது அழுக்கையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அடுத்த வாரம் துணி இன்னும் மங்கலாகத் தெரிய, கை இன்னும் கொஞ்சம் பவுடரை அள்ளுகிறது.

7 கிலோ என்றால் எவ்வளவு?

சர்வீஸ்காரர் அடுத்துக் கேட்டது, "ஒரு தடவைக்கு எவ்வளவு துணி போடுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை மொத்தமா போட்டுருவேன். மூடி மூடுற வரைக்கும் போடலாமே?"

அவர் சிரித்துவிட்டு, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அன்றைய துணி மூட்டையைப் பழைய போர்வை ஒன்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். இரண்டு டபுள் பெட்ஷீட், நான்கு தலையணை உறை, நான்கு டவல், இரண்டு ஜீன்ஸ், ஆறு சட்டை, மூன்று நைட்டி, நான்கு செட் யூனிஃபார்ம். போர்வையின் எடையைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட 9 கிலோ.

மெஷினின் மேல் எழுதியிருக்கும் 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. அதுவும் சாதாரணப் பருத்தித் துணிக்கான முழு நேர புரோகிராமில் போடக்கூடிய உச்ச அளவு. தினமும் அவ்வளவு போட வேண்டும் என்று அர்த்தமில்லை. அரைமணி நேர 'குயிக்' புரோகிராமுக்கு இதில் பாதியைக் கூடப் போடக் கூடாது. எவ்வளவு என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் புரோகிராம் வாரியாகப் போட்டிருக்கும்.

துணியை எடை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் கணக்கு பிடிபடும். ஆண்கள் சட்டை ஒன்று 200 கிராம் சொச்சம்தான். ஒரு ஜீன்ஸ் அதைப் போல மூன்று மடங்கு. ஒரு பெரிய பருத்தி பெட்ஷீட் ஒரு கிலோவை நெருங்கும். நல்ல கனமான டவல் அரைக் கிலோ. அதனால், இரண்டு பெட்ஷீட்டும் நான்கு டவலும் போட்டாலே மெஷினில் பாதி நிறைந்துவிடுகிறது.

எடை போட வசதியில்லை என்றால் கண்ணாலேயே பார்க்கலாம். டாப் லோடில் காய்ந்த துணியை அழுத்தாமல் தளர்வாகப் போட்டு, டிரம்மின் முக்கால் உயரத்தோடு நிறுத்த வேண்டும். ஃப்ரன்ட் லோடில் துணிக்கும் டிரம்மின் மேல் பகுதிக்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும்.

அதைவிட உறுதியான சோதனை ஒன்றை சர்வீஸ்காரர் செய்து காட்டினார். மேலே ஒரு சிவப்புக் கர்ச்சீப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டார். சில நிமிஷம் கழித்து நிறுத்தி, மூடியைத் திறந்து பார்த்தார். டாப் லோடில் துணி நடுவே கீழே இறங்கி, ஓரமாக மேலே ஏறி வர வேண்டும். இரண்டு மூன்று முறை திறந்து பார்க்கையில் கர்ச்சீப் ஒரு முறை காணாமல் போயும், ஒரு முறை வேறு இடத்திலும் இருந்தால் துணி புரள்கிறது என்று அர்த்தம். 9 கிலோ மூட்டையில் கர்ச்சீப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"மேல இருக்கிற துணி நனையுது, அவ்வளவுதான். அடியில இருக்கிறது மட்டும் மாட்டிக்கிட்டு அந்தச் சுழல் தட்டுல தேயுது. மேல அழுக்கும் போகாது, கீழ துணியும் கிழியும். ஒரே மிஷின்ல ரெண்டு நஷ்டம்."

பவுடர் கரையாமல் மடிப்புகளில் கட்டிக்கொள்வதும் இந்த நெருக்கத்தில்தான். புடவையின் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் மடிப்பு விழுந்த இடத்திலேயே இருந்தது தற்செயல் இல்லை. மெஷின் அதிர்ந்ததற்கும் இதே காரணம். நனைந்த கனமான பெட்ஷீட் ஒரு பக்கமாகச் சுருண்டு நின்றுவிட, பிழியும்போது டிரம் ஒருபக்கமாக இழுத்தது.

அதற்காக ஒரே ஒரு ஜீன்ஸையும் ஒரு டவலையும் போட்டு ஓட்டுவதும் நல்லதில்லை. துணி குறைவாக இருந்தால் ஒன்றையொன்று தாங்காமல் டிரம்மோடும் சுழல் தட்டோடும் நேராக அடிபடும். ஒரு பக்கமாகச் சேர்ந்து டிரம்மையும் ஆட்டும். முக்கால் அளவு என்பது அழுக்குக்கும் நல்லது, துணிக்கும் நல்லது.

நான்கு பங்கு வேலை

1959ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சுத்தம் செய்வதில் நான்கு பங்குகள் இருக்கின்றன: சோப்பு, உரசல், சூடு, நேரம். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். சலவைத் தொழிலில் இன்றும் இந்த வட்டம்தான் பாலபாடம்.

அந்த வீட்டில் நடந்ததை இதில் பொருத்திப் பார்த்தால் விஷயம் புரியும். டிரம்மைத் திணித்ததில் உரசல் போய்விட்டது. அந்தக் குறையைச் சோப்பால் ஈடுகட்டப் பார்த்தார்கள். சோப்பு நுரையாகி, இருந்த கொஞ்சம் உரசலையும் கெடுத்தது. கூட்டியிருக்க வேண்டியது நேரத்தை. பவுடர் கரைத்த தண்ணீரில் அரைமணி ஊறினால் சட்டைக் காலரின் பிசுக்கு தானாக இளகும். பல மெஷின்களில் 'சோக்' என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது.

மங்கலில் மூன்று வகை

சாயம் போவதற்கு எல்லோரும் துணியையோ பவுடரையோ திட்டுகிறோம். ஆனால், மங்கலாகத் தெரியும் துணி எல்லாமே சாயம் போன துணி இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.

முதல் வகை, மேலே படிந்த மங்கல். ஈர விரலால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் நிறம் திரும்பத் தெரியும், காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். இது தங்கிப்போன பவுடர் அல்லது தண்ணீரின் உப்பு. சாயம் அப்படியேதான் இருக்கிறது. அலசினால் தீரும்.

இரண்டாவது வகை, தேய்மானம். பேன்ட்டின் பாக்கெட் ஓரம், காலர் மடிப்பு, புடவைக் கொசுவத்தின் விளிம்பு ஆகிய இடங்கள் மட்டும் வெளிறியிருக்கும். தையலைப் பிரித்து உள்பக்கம் பார்த்தால் நிறம் அடர்த்தியாகவே இருக்கும். இங்கே பருத்தி இழைகள் உரசி உடைந்து, மேலே மெல்லிய பூனைமுடி போல எழும்பி நிற்கின்றன. அந்த முடி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. லின்ட் ஃபில்டரில் ஒவ்வொரு முறையும் சேரும் பஞ்சு, அழுக்கு அல்ல, துணியேதான். அது திடீரென்று கூடினால் துணி அதிகமாகத் தேய்கிறது என்று அர்த்தம். கருநிறத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடச் சொல்வது இதற்காகத்தான். ஜிப்பையும் கொக்கியையும் போட்டுவிட வேண்டும். ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகச் சுழற்றக் கூடாது.

மூன்றாவதுதான் நிஜமாகச் சாயம் போவது. உள்பக்கம், வெளிப்பக்கம், தையல் மடிப்பு என்று எல்லா இடமும் ஒரே மாதிரி வெளிறும். புதுத் துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயம் முதல் சில துவைப்புகளில் போகும். அது இயல்பு. அதற்குப் பிறகும் போனால் சூடான தண்ணீரையோ, பிளீச் கலந்த பவுடரையோ சந்தேகப்பட வேண்டும்.

பவுடரில் இன்னொரு பொருளும் இருக்கிறது. வெள்ளையைப் பளிச்சென்று காட்டுவதற்காகப் பல பவுடர்களில் சேர்க்கும் ஒளிரும் சாயம் அது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கின் கீழே வெள்ளைச் சட்டை ஜொலிப்பது இதனால்தான். வெள்ளைக்கு இது அழகு. காக்கிக்கும் சந்தன நிறத்துக்கும் ஆகாது. அளவுக்கு மேல் படிந்தால் அந்த நிறங்கள் வெளுத்துப் போனது போலத் தெரியும். வண்ணத் துணிக்கென்று விற்கும் லிக்விடுகளில் பொதுவாக பிளீச் இருக்காது. பலவற்றில் இந்த ஒளிரும் சாயமும் இருக்காது. வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

சுங்குடிப் புடவையில் முதல் இரண்டு வகையும் சேர்ந்தே இருந்தன. வெள்ளைக் கோடுகள் ஈர விரலில் மறைந்தன. கொசுவ விளிம்பின் வெளிறல் மறையவில்லை.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

பவுடரையும் துணியையும் குறைத்தால் மட்டும் போதுமா? போர் தண்ணீர் உள்ள வீட்டில் போதாது.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதிலிருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். ஆர்.ஓ. ஃபில்டர்காரர் பேனா போன்ற கருவியை நனைத்துச் சொல்லும் டி.டி.எஸ். எண், இது இல்லை. அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது. கடினத்தன்மையைப் பார்க்க, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து கிட் போதும்.

கடின நீரில் பவுடரின் ஒரு பகுதி அழுக்கோடு சண்டை போடுவதற்கு முன்னால் கால்சியத்தோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும். அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால், இங்கே ஒரு சிக்கல். விலை குறைந்த பவுடர்களில் சலவைச் சோடா அதிகம். அது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புத் தூளாக மாறித் துணி இழைகளுக்குள் படிகிறது. குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டுகிறதே, அதே சரக்குதான். அது துணியை விறைப்பாக்கும், வெள்ளையைச் சாம்பலாக்கும். மணல் போல இழையை அறுக்கவும் செய்யும். லிக்விடுகளில் பெரும்பாலும் சலவைச் சோடா சேர்ப்பதில்லை. அதனால் இந்தப் படிவு குறைவு.

விறைப்புக்குக் காரணம் தங்கிய பவுடரா, தண்ணீரின் சுண்ணாம்பா என்று கண்டுபிடிக்க இரண்டு பக்கெட் போதும். முதலில் துணியை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். நுரை வந்தால் பவுடர் தங்கியிருக்கிறது. நுரை வரவே இல்லை, ஆனாலும் காய்ந்தால் விறைக்கிறது என்றால், அரை பக்கெட் தண்ணீரில் கால் டம்ளர் வெள்ளை வினிகரோ, ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்போ கலந்து அரைமணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். மெத்தென்று ஆகிவிட்டால் சுண்ணாம்புதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: வினிகரையோ எலுமிச்சை உப்பையோ பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். ஒவ்வொரு துவைப்பிலும் வினிகர் ஊற்றுவதும் வேண்டாம். மெஷினின் ரப்பர் பாகங்களுக்கு அது நல்லதில்லை. மாதம் ஒரு முறை, கடைசி அலசலில் போதும்.

அந்த வீட்டில் மாறியவை

முதலில் பழைய பவுடரை வெளியேற்றினார்கள். டவல்களையும் பெட்ஷீட்களையும் பிரித்துப் போட்டு, பவுடரே இல்லாமல் மெஷினை ஓட்டினார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் பவுடர் போட்டது போலவே நுரை. மூன்றாவது முறைதான் தண்ணீர் தெளிந்தது. பிறகு ஒரு முறை எலுமிச்சை உப்பில் ஊறவைத்து அலசினார்கள். டவல் பழையபடி தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது.

அடுத்தது அளவு. சமையலறைத் தராசில் ஸ்கூப்பை நிறுத்துப் பார்த்ததில் மருமகளுக்கே ஆச்சரியம். தலைதட்டிய ஸ்கூப் 60 கிராம், கோபுரமாக அள்ளினால் 90. அவர் போட்டுக்கொண்டிருந்தது கோபுரமாக இரண்டு, அதாவது 180 கிராம். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் முழு லோடுக்குப் போட்டிருந்தது 80. பாதி லோடு என்றால் சரிபாதியாகக் குறைக்காமல், மூன்றில் இரண்டு பங்கு போட்டார். போர் தண்ணீரின் உப்புக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது அல்லவா? வாரத்தில் இரண்டு நாள் வரும் நல்ல தண்ணீரை வெள்ளைத் துணிக்கென்று ஒதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை மூன்றாகப் பிரிந்தது. பெட்ஷீட், டவல் ஒரு நாள். யூனிஃபார்மும் வெள்ளையும் ஒரு நாள், அரைமணி ஊறலோடு. ஜீன்ஸும் கருநிறத் துணிகளும் ஒரு நாள், உள்பக்கம் திருப்பி. தண்ணீர் கூடுதலாகச் செலவாகிறதே என்ற கவலை மாமியாருக்கு இருந்தது. ஆனால், முன்பு அழுக்கு போகவில்லை என்று இரண்டாம் முறை ஓட்டியது இப்போது நின்றுவிட்டது.

பவுடரைக் குறைக்கும் உற்சாகத்தில் ஒரு வாரம் 30 கிராமோடு நிறுத்திப் பார்த்தார் மருமகள். அதுவும் தவறு என்று சட்டைக் காலரே சொல்லிவிட்டது. பவுடர் போதவில்லை என்றால் கிளம்பிய அழுக்கைத் தண்ணீரில் பிடித்து வைக்க முடியாது. அது மறுபடி எல்லாத் துணியிலும் பரவிப் படியும். காலரில் மஞ்சள் பிசுக்கு, காய்ந்த பிறகும் ஒரு வியர்வை வாடை இரண்டும் குறைவுக்கு அடையாளம். விறைப்பு, வழவழப்பு, பக்கெட்டில் நுரை மூன்றும் அதிகத்துக்கு அடையாளம். இரண்டுக்கும் நடுவே தங்கள் வீட்டுத் தண்ணீருக்கு 70 கிராம் சரி என்று மூன்று வாரத்தில் பிடிபட்டது.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. பிள்ளைகளின் சட்டை சாம்பலிலிருந்து கொஞ்சம் தேறியது, புதுச் சட்டை போல ஆகவில்லை. சுங்குடிப் புடவையின் வெள்ளைக் கோடுகள் போயின, கொசுவ விளிம்பில் தேய்ந்த இழை தேய்ந்ததுதான். படிந்ததை எடுக்கலாம். உடைந்த இழையை எந்தப் பவுடராலும் ஒட்ட முடியாது. சின்னவனின் கழுத்து அரிப்பு மட்டும் இரண்டு வாரத்தில் அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் தோல் டாக்டரிடம்தான் காட்டியிருக்க வேண்டும்.

மாமியார் டவல், நைட்டி, பெட்ஷீட்டை மெஷினுக்கு விட்டுக்கொடுத்தார். புதுச் சுங்குடிப் புடவையை மட்டும் முதல் சில முறை தனியாக, பக்கெட்டில் குளிர்ந்த தண்ணீரில் கையால்தான் அலசுகிறார். அதில் அவர் சொல்வதே சரி. உபரிச் சாயம் போகும் வரை அது மற்ற துணியோடு சேரக் கூடாது. ஆனால், தரையில் குனிந்து கும்முவதில்லை. பக்கெட்டை ஸ்டூல் மேல் வைத்துக் கொடுக்கிறார் மருமகள்.

பவுடர் டப்பாவுக்குள் இருக்கும் ஸ்கூப்பில் 70 கிராம், 45 கிராம் என்று இரண்டு கோடுகள், பேத்தியின் சிவப்பு நெயில் பாலிஷால் போட்டது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது மகனின் முறை. "டேய், கோட்டைத் தாண்டாதே" என்று ஹாலிலிருந்து குரல் கொடுப்பது மாமியார்தான்.